கேப்ஷனுக்கு ஒரு பாயிரம்

முதல் கட்டுரையோ முதல் புத்தகமோ வெளிவந்ததும் நம் ஆட்கள் போடுகிற கேப்ஷன்கள் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று பணிவு வகை. ‘இந்த எளியவனின் சிறு கிறுக்கலையும் ஒரு பொருட்டாக மதித்து வெளியிட்ட ஆசிரியருக்கு நன்றி.’ இன்னொன்று அறிவிப்பு வகை. ‘என் எழுத்துப் பயணத்தில் ஒரு முக்கியமான மைல்கல்லை உங்களுடன் பகிர்ந்துகொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்.’ கீழே இதயக்குறிகள், வாழ்த்துகள், பதிலுக்குக் கைகூப்பும் குறிகள். இரண்டு வகையிலும் ஒரு ஒற்றுமை உண்டு. படித்து முடித்த பிறகும் அந்த ஆள் எதைப் பற்றி எழுதினார் என்று நமக்குத் தெரியாது.

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. போன வருடம் எனக்கும் அந்த வேலை வந்தது. ஒரு சிற்றிதழில் என் கட்டுரை வந்தது. அச்சில் வரும் முதல் கட்டுரை. ஆசிரியர் பிரதியாக இரண்டு இதழ்கள் கூரியரில் வந்தன. சன்மானம் கிடையாது. நானும் எதிர்பார்க்கவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்து வைத்து போனில் படம் எடுத்தேன். படம் எடுக்க ஒரு நிமிடம் ஆனது. அதற்குக் கீழே எழுத வேண்டிய நான்கைந்து வரிகளுக்கு மூன்று இரவுகள் போயின. ஏழு மாதம் கட்டுரை எழுதியபோது வராத தயக்கமெல்லாம் அந்த நான்கைந்து வரிகளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கட்டுரை என் அப்பாவைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அருப்புக்கோட்டையில் அவர் 1984 முதல் 2003 வரை நடத்திய வாடகை சைக்கிள் கடையைப் பற்றியது. 23 வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் பின் மட்கார்டிலும் மஞ்சள் பெயின்டில் ஒரு எண். பெரியவர்களுக்கு முழு வண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரை வண்டி. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் மணிக்கு ஒரு ரூபாய். எழுதச் சொல்லித் தந்த வாத்தியார் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கடையின் நீள நோட்டைத்தான் சொல்வேன். எடுத்தவர் பெயர், வண்டி எண், எடுத்த நேரம், விட்ட நேரம், பாக்கி. அப்பா பத்தொன்பது வருடம் அந்த ஐந்து கட்டங்களை நிரப்பினார். அவற்றில் ஒரு உரிச்சொல்கூட இல்லை.

அந்த இதழ் சில நூறு பிரதிகள் போகும். அதை வாங்குபவர்களில் என் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. ஆனால் கேப்ஷனைச் சித்தப்பா பார்ப்பார், அத்தை மகன் பார்ப்பான், அப்பாவின் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரின் பையன் பார்ப்பான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கட்டுரையைப் படிக்கவே போவதில்லை. ஆக, அவர்களைப் பொறுத்தவரை என் கட்டுரை என்பதே அந்த நான்கைந்து வரிதான். ஏழு மாதம் பார்த்துப் பார்த்து எழுதிய விஷயத்தை, ஊர் இந்த வரிகளை வைத்துத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். தயக்கத்தின் காரணம் இது என்று எனக்கே இரண்டாவது இரவில்தான் புரிந்தது.

*

முதல் வரைவு பணிவு வகையில் வந்தது. கை தானாகவே அப்படித்தான் போகிறது.

‘என் முதல் கிறுக்கல் அச்சில். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. ஏதோ ஒரு சிறு முயற்சி. பிழை இருந்தால் பொறுத்தருள்க.’

இதில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். பணிவுச் சொற்களை ஒவ்வொன்றாக அழித்தால் என்ன மிஞ்சுகிறது? ‘கிறுக்கல்’ போனது. ‘தகுதி இல்லை’ போனது. ‘ஏதோ’, ‘சிறு’, ‘பொறுத்தருள்க’ எல்லாம் போயின. மிஞ்சியது, ‘என் முதல்… அச்சில்.’ நான்கு வரியும் என்னைப் பற்றியே இருந்திருக்கிறது. என்னைத் தாழ்த்திக்கொள்வதும் என்னைப் பற்றிப் பேசுவதுதானே. இன்னொரு சிக்கலும் இருந்தது. ‘கிறுக்கல்’ என்று நான் சொல்வது அப்பாவின் கடையைப் பற்றிய எழுத்தை. அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக எனக்குத் தேதி சொன்னவர் அவர். என் பணிவுக்கு அவர் பொருள் பலியாக வேண்டியதில்லை. ஆசிரியருக்கும் அது நியாயமில்லை. அவர் இரண்டு முறை படித்து, வெட்டி, திருத்தி, பக்கம் ஒதுக்கிய ஒன்றைக் கிறுக்கல் என்றால் அவர் தேர்வும் சேர்ந்தல்லவா கிறுக்கலாகிறது?

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிதாக விளங்கும். நிரலில் ஒரு மாற்றம் செய்துவிட்டு அதைச் சேமிக்கும்போது கூடவே ஒரு வரிக் குறிப்பு எழுதுவோம். கமிட் மெசேஜ் என்பார்கள்.

```
git commit -m "Fix date format in invoice export"
```

என்ன மாறியது, எங்கே மாறியது. அவ்வளவுதான். ‘எளியேனின் சிறு திருத்தம்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘அற்புதமான திருத்தம்’ என்றும் எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்து அதைப் படிக்கிறவனுக்கு இரண்டுமே உதவாது. பகலெல்லாம் இப்படி எழுதுகிற கை, ராத்திரி கேப்ஷன் என்று வந்ததும் ஏன் கூனிக் குறுகுகிறது?

இரண்டாவது வரைவு நண்பன் கொடுத்தது. என்னோடு வேலை பார்க்கிறவன், இன்ஸ்டாவில் நிறையப் பேர் பின்தொடர்கிற ஆள். “மச்சி, மொத ரெண்டு வரிதான் தெரியும். மீதி மடிஞ்சுரும். மொத வரியிலயே இழுக்கணும்” என்றான். அவன் சொன்ன வரி இது: ‘நொடித்துப்போன ஒரு கடை. தோற்றுப்போன ஒரு அப்பா. எழுத்தால் மீட்டெடுத்த ஒரு மகன்.’

இழுக்கத்தான் செய்தது. எனக்கே ஒரு நிமிடம் சிலிர்த்தது. ஆனால் அதில் ‘நொடித்து’ என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அப்பாவுக்குப் போன் போட்டு, “ப்பா, கடைய மூடுனத ஒரு வார்த்தையில சொல்லணும்னா எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டேன்.

“நிறுத்திட்டேன்.”

“நொடிச்சுப் போச்சுன்னு சொல்லலாமா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நொடிச்சுப் போறதுன்னா கடன்காரன் வாசல்ல நிக்கிறதுய்யா. நான் யாருக்கும் ஒத்தப் பைசா பாக்கி வைக்கல. வாடகை வண்டி எடுக்க ஆளு கொறஞ்சிருச்சு. எல்லாரும் தவணையில வண்டி வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. டயர் டியூப்பு வாங்குன கடைக்கு எல்லாம் செட்டில் பண்ணி, வண்டிய வித்து, அதுக்குப் பெறகுதான் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். ரெண்டும் ஒண்ணா?”

இரண்டும் ஒன்றில்லை. ஊரில் ஒருவரை ‘நொடிச்சுப் போனவர்’ என்று சொல்வதற்கும் ‘கடையை நிறுத்தினவர்’ என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு ஆளின் மொத்த மானமும் இருக்கிறது. கட்டுரையில் இதை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நண்பன் கொடுத்த வரி அந்த இரண்டு பக்கத்தையும் ஒரே சொல்லில் அழித்துவிடும். அதுவும் கட்டுரையைப் படிக்காத முக்கால்வாசிப் பேர் மத்தியில். தவிரவும், அந்த வரியில் அப்பா தோற்றால்தான் நான் ஜெயிக்க முடியும்.

*

மூன்றாவது இரவு, கல்லூரி நாட்களில் வாங்கிய ஒரு பழைய நன்னூலை எடுத்தேன். பொறியியல் படித்த எனக்கு இலக்கணம் பாடத்தில் இருந்ததில்லை. பத்தாம் வகுப்பு வரை மனப்பாடம் செய்த சில சூத்திரங்களோடு சரி. ஆனால் நன்னூலின் தொடக்கத்தில் பாயிரம் என்று ஒரு பகுதி உண்டு. நூலுக்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும், யார் சொல்ல வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவணந்தியார் அங்கே சட்டம் போட்டு வைத்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. என் சிக்கலும் அதேதான் என்று அப்போதுதான் தோன்றியது. கேப்ஷன் என்பது பாயிரத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

அவர் சொல்வது, எத்தனை பெரிய நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் அது நூலே ஆகாது என்று. மாடத்துக்குச் சித்திரம் போல, நகரத்துக்குக் கோபுரம் போல நூலுக்குப் பாயிரம். ஆகவே கேப்ஷனே போடாமல் படத்தை மட்டும் போட்டுவிட்டுப் போகிற வழி அடைபட்டது. இன்னோரிடத்தில், நூலாசிரியன் எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்கிறார். அப்படியென்றால் யார் புகழலாம்? அவனுக்குக் கற்பித்த ஆசிரியர், கூடப் படித்தவர், அவனுடைய மாணவர், நூலுக்குத் தகுந்த உரை எழுதியவர். இந்த நான்கு பேர் சிறப்புப் பாயிரம் சொல்லலாம். இன்றும் புத்தகங்களின் முகப்பில் இருக்கிற அணிந்துரையும் வாழ்த்துரையும் இந்த ஏற்பாட்டின் மிச்சம்தான்.

தற்புகழ்ச்சிக்கு நான்கு விதிவிலக்குகளும் தந்திருக்கிறார். அரசவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. அந்த நான்கில் முதலாவதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அரசவைக்கு அனுப்பும் ஓலை என்பது வேலைக்கு அனுப்புகிற ரெஸ்யூமே தவிர வேறென்ன? அங்கே புகழ்ந்துகொள்ளலாம், தப்பில்லை. லிங்க்ட்இன்னில் ‘பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்’ என்று எழுதுகிறவர்களுக்குப் பவணந்தியாரின் அனுமதி இருக்கிறது. எனக்கு இல்லை. என் கேப்ஷனைப் பார்க்கப் போகிறவர்கள் என்னை வேலைக்கு எடுக்கப் போவதில்லை, பழிக்கவும் போவதில்லை.

எனக்கு வழி கிடைத்தது இன்னொரு சூத்திரத்தில். சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். அதாவது யார் எழுதியது, யாரைப் பின்பற்றி வந்தது, எந்த இடம் வரை வழங்குவது, பெயர் என்ன, எப்படிக் கட்டப்பட்டது, எதைப் பற்றியது, யாருக்கானது, அவர்களுக்கு என்ன கிடைக்கும். இவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்கிறவர்களும் உண்டு என்கிறது அடுத்த சூத்திரம். எப்போது, எந்த அவையில், எதற்காக.

இந்தப் பட்டியலை இரண்டு மூன்று முறை படித்தேன். ‘எவ்வளவு நன்றாக இருக்கிறது’ என்பது பட்டியலில் இல்லை. ‘எவ்வளவு மோசமாக இருக்கிறது’ என்பதும் இல்லை. தரத்தைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஒரு நூலை அறிமுகம் செய்ய எட்டு விஷயங்கள் இருக்கின்றன, இன்னும் வேண்டுமென்றால் பதினொன்று.

தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய சிறப்புப் பாயிரம் இந்தக் கணக்குக்கு நல்ல உதாரணம். அவர் தொல்காப்பியரோடு கூடப் படித்தவர் என்பது மரபு. ஆகவே புகழ அவருக்கு உரிமை உண்டு, கொஞ்சம் புகழவும் செய்கிறார். ஆனால் பாயிரத்தின் பெரும்பகுதி தகவல்தான். வடக்கே வேங்கடம் தெற்கே குமரி என்று எல்லை சொல்கிறார். உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் பார்த்து, முந்தைய நூல்களையும் கண்டு தொகுத்தது என்று சொல்கிறார். நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவை என்று இடம் சொல்கிறார். அந்த அவையில் அதங்கோட்டு ஆசான் கேட்க, குற்றமில்லாமல் தெரிவித்தது என்று சொல்கிறார். அந்தக் கடைசித் தகவலைப் பாருங்கள். இன்னார் முன்னால், இந்த இடத்தில், கேள்விகளுக்குப் பதில் சொல்லி நின்றது என்றால் அதற்கு மேல் ‘அருமையான நூல்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெருமையை அந்தத் தகவலே சுமந்துவிடுகிறது.

*

பெருமையை எப்படிச் சுமப்பது என்று தெரிந்துவிட்டது. பணிவு மிச்சமிருந்தது. அவையடக்கம் என்றால் கம்பரிடம்தான் போக வேண்டும்.

கம்பராமாயணத்தின் தற்சிறப்புப் பாயிரத்தில் வரும் பூனையை எல்லோருக்கும் தெரியும். அலை முழங்கும் பாற்கடலை அடைந்து, அதை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று ஒரு பூனை இறங்கியது போல நான் இந்தக் கதையைச் சொல்ல இறங்கினேன் என்கிறார். பள்ளியில் இதைப் பணிவுக்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கேப்ஷன் எழுதுகிறவனாக மறுபடி படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தப் பாடலில் சிறியது எது, பெரியது எது? சிறியது பூனை. கடல் சிறுத்துவிடவில்லை. அவர் தன்னைத்தான் தாழ்த்துகிறார், தான் எடுத்துக்கொண்ட பொருளைத் தாழ்த்தவில்லை. ‘ஏதோ ஒரு சின்னக் கதை’ என்று அவர் சொல்லவில்லை. ஏன் இறங்கினாய் என்றால் ஆசை என்கிறார். தகுதி பற்றி விவாதமே இல்லை. ஆசைப்பட்டேன், இறங்கினேன்.

அதே இடத்தில் இன்னொரு உவமையும் இருக்கிறது. குழந்தைகள் தரையில் கோடு கிழித்து இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர்கள் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். மூத்தவர்களின் முன்னால் நிற்கிறவனின் கூச்சமும் அதில் இருக்கிறது, குழந்தையின் தைரியமும் இருக்கிறது. தச்சர்களிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபிப்பீர்களா என்று சிரித்துக்கொண்டு கேட்கிறார்.

இவ்வளவு பணிகிறவர் தகவலில் குறை வைத்தாரா என்றால் அதுவும் இல்லை. வடமொழியில் இந்தக் கதையைச் சொன்ன மூவரில் முதல்வரான வான்மீகியின் வழியைப் பின்பற்றினேன் என்று சொல்லிவிடுகிறார். சடையனின் வெண்ணெய்நல்லூரில் வைத்து இது உருவானது என்று சொல்லிவிடுகிறார். வழியும் களமும் வந்தாயிற்று. யாரிடமிருந்து வாங்கினேன், யார் வீட்டில் இருந்து எழுதினேன் என்ற இரண்டையும் சொன்ன பிறகு, ‘எல்லாம் என் திறமை’ என்று யாரும் நினைக்க வாய்ப்பில்லை. ‘எளியேன்’ என்று பத்து முறை சொல்வதைவிட இந்த இரண்டு தகவல் அதிகம் பணிகிறது என்று எனக்குப் பட்டது.

*

மறுபடி எழுத உட்கார்ந்தேன். எட்டையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, எதிரே என் பதிலை எழுதினேன்.

பெயர் படத்திலேயே இருக்கிறது, மறுபடி வேண்டாம். தலைப்பு ‘மணிக்கு ஒரு ரூபாய்’. அது நான் வைத்ததில்லை. நான் வைத்தது ‘சக்கரங்கள் சுழன்ற காலம்’. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, கட்டுரையில நாலு இடத்துல மணிக்கு ஒரு ரூபான்னு வருது, அதையே வச்சுருவோமே” என்றார். ஆகவே தலைப்புக்கான பெருமை அவருக்குப் போக வேண்டும். யாப்பு என்ற இடத்தில் பவணந்தியார் நூல் செய்யும் முறையை நான்காகப் பிரிக்கிறார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. என் கட்டுரை தொகுத்தல். அதைத் தொகுத்ததிலும் பாதி ஆசிரியர்தான். நான் 4,200 சொற்கள் அனுப்பினேன், அச்சில் வந்தது 2,300. வழி என்ற இடத்தில் அப்பாவின் நோட்டு. கடைக்குள் நடந்ததில் அப்பாவுக்கு மறந்துபோனவற்றை அம்மா ஞாபகப்படுத்தினாள். எல்லை என்ற இடத்தில், அச்சில் மட்டும்தான் கிடைக்கும், விலை 150 ரூபாய். சிற்றிதழ் விஷயத்தில் இந்த வரி ரொம்ப முக்கியம். எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துப் போட்டுவிட்டால் இதழை யார் வாங்குவார்கள்? கேட்போர் என்ற இடம் சுலபம். வாடகைக்கு அரை வண்டி எடுத்து, முழங்கால் சிராய்த்துக்கொண்டு ஓட்டப் பழகியவர்கள்.

கடைசியில் வந்த கேப்ஷன் இது. இதழின் பெயர் இருந்த இடத்தை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

‘மணிக்கு ஒரு ரூபாய்: அருப்புக்கோட்டையில் 1984 முதல் 2003 வரை என் அப்பா நடத்திய வாடகை சைக்கிள் கடையைப் பற்றிய கட்டுரை. இந்த இதழில், 41ஆம் பக்கம். அச்சில் வரும் என் முதல் கட்டுரை. கணக்கும் வண்டி எண்களும் அப்பாவின் நோட்டிலிருந்து எடுத்தவை. அப்பாவுக்கு மறந்ததை அம்மா சொன்னார். நான் அனுப்பியதை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கித் தலைப்பு வைத்தவர் இதழாசிரியர். அச்சுப் பிரதி மட்டும், 150 ரூபாய். வாடகை சைக்கிளில் ஓட்டப் பழகியவர்கள் படித்தால் அவர்கள் ஊர்க் கடையும் ஞாபகம் வரலாம். ஏழு மாதம் ஆசைப்பட்டு எழுதினேன். சந்தோஷமாக இருக்கிறது.’

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகவலாக மட்டும் எழுதி முடித்துவிட்டால் அது நூலகக் கார்டு மாதிரி ஆகிவிடுகிறது. சந்தோஷத்தை மறைப்பதும் ஒரு பாசாங்குதான். அதனால் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை, சின்ன வாக்கியமாகச் சொல்லிவிட்டேன். அதை முதலில் வைத்துப் பார்த்தேன். முதலில் வைத்தால் மடிந்துபோகாத அந்த இரண்டு வரியில் என் சந்தோஷம் இருக்கும், அப்பாவின் கடை மடிப்புக்குள் போய்விடும். கடைசியில் வைத்தால், கடையைத் தாண்டி வருகிறவர்கள் மட்டும் என் சந்தோஷத்தைப் பார்ப்பார்கள். அது போதும் என்று தோன்றியது. ‘ஆசைப்பட்டு’ என்ற சொல் கம்பரிடம் வாங்கிய கடன்.

யாரையும் டேக் செய்யவில்லை. முப்பது மூத்த எழுத்தாளர்களை டேக் செய்து போடுகிற கேப்ஷன்கள் உண்டு. அவை, அவையில் நின்று பேசுவது போல இல்லாமல் அவையை வீட்டுக்கு இழுத்து வருவது போல ஆகிவிடுகின்றன. ஆசிரியரை மட்டும் தனியாக அழைத்து நன்றி சொன்னேன்.

போடுவதற்கு முன் அப்பாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். இது ஒரு நல்ல சோதனை என்று இப்போதும் நினைக்கிறேன். நாம் எழுதியது யாரைப் பற்றியோ, அந்த ஆளின் காதில் கேப்ஷனை வாசிக்க வேண்டும். நம் குரல் எந்தச் சொல்லில் தயங்குகிறதோ அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். எனக்கு எங்கும் தயங்கவில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான்யா. எழுத்தாளர்னு ஒரு எடத்துலயும் போடலயே?” என்றார்.

“அத நானே போடக் கூடாதுப்பா.”

“பெறகு யாரு போடுறது?”

பவணந்தியாரின் பட்டியலைச் சொன்னேன். ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர். அவர் பொறுமையாகக் கேட்டார். “அப்பன் கெடையாதாக்கும்?” என்றார். கிடையாது. நான்கு பேரில் அப்பா இல்லை.

அன்று ராத்திரி என் கேப்ஷனுக்கு முந்நூற்றுச் சொச்சம் விருப்பக்குறிகள் விழுந்தன. ஒன்பது பேர் இதழ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். எதிர்க்கடை டீக்காரர் பையன், தான் எப்போதும் ஏழாம் நம்பர் வண்டியைத்தான் கேட்டு வாங்குவேன் என்று எழுதியிருந்தான். நொடித்ததைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. எழுத அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் அப்பாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பச்சை வட்டத்தோடு தெரிந்தது. வழக்கமாக முருகன் படம் வைப்பார். அன்று என்னிடமிருந்து வாங்கிய இதழ்ப் பக்கத்தின் படம் இருந்தது. கீழே அவரே டைப் செய்திருந்தார்.

‘மகன் எழுதினது. நம்ம கடை பத்தி. 41ம் பக்கம். பாக்கி இல்லை.’